பார்க்காத கேள்வி வந்தால் அவன் பேனா நிற்காது

கேள்வி: ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். விடைக்குறிப்புகளை மட்டும் மனப்பாடம் செய்து எப்போதும் முதலிடம் வாங்கும் ஒரு மாணவன், கடைசித் தேர்வில் இதுவரை பார்க்காத ஒரு கணக்கைச் சந்திக்கிறான். கை நடுங்குகிறது, வெற்றுத்தாளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறான், மணி அடிக்கிறது. படித்த நண்பர்கள் "நம்பும்படி இல்லை" என்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் என்ன நடக்கும்? எந்த மாதிரிக் கேள்வியை வைக்கலாம்?

உங்கள் நண்பர்களுக்கு உறுத்திய இடம் அந்த வெற்றுத்தாள்தான் என்று நினைக்கிறேன். நான் பல ஆண்டுகளாகக் கணக்கு நடத்துகிறவன், விடைத்தாள் திருத்துகிறவன். கல்வி உளவியலும் முறையாகப் படித்திருக்கிறேன். மனப்பாடம் செய்தே மேலே வந்த மாணவனின் தாள் வெறுமையாக வருவது அபூர்வம். அது நிரம்பி வரும். வரிகள் நேராக இருக்கும், படிகள் வரிசையாக இறங்கும், கடைசியில் விடையைச் சுற்றிக் கட்டம் இருக்கும். என்ன, அது கேட்ட கேள்விக்கான விடையாக இருக்காது. அந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வேறொரு கேள்விக்கான விடையாக இருக்கும்.

வெற்றுத்தாள் வரவே வராது என்று சொல்லவில்லை. கேள்வியில் உள்ள சொற்களே அவனுக்குத் தெரியாதவையாக இருந்தால் அவன் உறைந்துதான் போவான். ஆனால் அந்த நிலையில் யாராக இருந்தாலும் உறைந்துதான் போவார்கள். அதில் மனப்பாடம் செய்தவனுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை, கதையும் இல்லை. அவனை மட்டும் பிடிக்கிற கேள்வி, பழகிய சொற்களால் ஆன புதுக் கேள்வி. சொற்கள் எல்லாம் தெரிந்தவை, எண்கள் தெரிந்தவை, கேட்பது மட்டும் வேறு. அங்கே அவன் தயங்கவே மாட்டான். மற்றவர்களைவிட வேகமாக எழுதத் தொடங்குவான். உங்கள் கதைக்கு வேண்டியது அந்த வேகம் என்பது என் எண்ணம்.

முதலில் அவன் எதை மனப்பாடம் செய்திருக்கிறான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். விடைக்குறிப்பு என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோம், உள்ளே மூன்று விதம் இருக்கிறது. சிலர் கொள்குறி வினாவுக்கான எழுத்தை நினைவில் வைப்பார்கள்: பதினேழாவது கேள்விக்கு 'இ'. கேள்விகளின் வரிசையை மாற்றிப் போட்டாலே இவர்கள் விழுந்துவிடுவார்கள், அதனால் இவர்களை வைத்துக் கதையை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. சிலர் கடைசி விடையை வைப்பார்கள்: ரயில் கணக்கா, 48. மூன்றாவது வகையினர் முழுப் படிகளையும் வைத்திருப்பார்கள், எண்களை மாற்றிக் கொடுத்தாலும் போட்டுவிடுவார்கள். எப்போதும் முதலிடம் வாங்குகிறான் என்றால் உங்கள் மாணவன் இந்த மூன்றாவது வகைதான். அவனைப் பார்த்து யாருமே, அவனுடைய ஆசிரியர் உட்பட, இவன் மனப்பாடம் செய்கிறவன் என்று சொல்லிவிட முடியாது. எண் மாறினாலும் சரியாகப் போடுகிறானே! அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம். தன்னை ஏமாற்றுக்காரன் என்று எண்ணிக் குமைகிற மாணவனைவிட, தனக்குக் கணக்கு வரும் என்று உண்மையாகவே நம்புகிற மாணவன் கதைக்கு நல்ல பாத்திரம்.

இந்த இடத்தில் உளவியலில் நன்றாக நிலைபெற்ற ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். ஆபிரகாம் லூச்சின்ஸ் என்பவர் 1942-இல் வெளியிட்டது. மூன்று ஜாடிகளைக் கொடுத்து, அவற்றால் ஊற்றியும் எடுத்தும் குறிப்பிட்ட அளவு தண்ணீரைக் கொண்டுவரச் சொல்வார். முதல் ஜாடி 21, இரண்டாவது 127, மூன்றாவது 3, வேண்டிய அளவு 100. இரண்டாவதை நிரப்பி, அதிலிருந்து முதல் ஜாடியால் ஒரு முறை எடுத்தால் 106, மூன்றாவதால் இரண்டு முறை எடுத்தால் 100. இதே வழியில் தீரும் கணக்குகளாகத் தொடர்ந்து ஐந்து கொடுப்பார். அப்புறம் 23, 49, 3 என்று கொடுத்து 20 கேட்பார். பழைய வழியும் இங்கே வேலை செய்யும், ஆனால் 23-இல் 3 போனால் 20 என்பது கண்ணெதிரே இருக்கிறது. பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே போனார்கள். அதற்கும் பின்னால் ஒரு கணக்கு வரும்: 28, 76, 3, வேண்டியது 25. பழைய வழியில் போனால் 42 வரும், 25 வராது. 28-இல் 3 போனால் போதும். பழக்கம் ஏதும் இல்லாமல் நேராக வந்தவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ஐந்து கணக்குகளால் பழக்கப்பட்டவர்களில் கணிசமானோர் இதை விடுவிக்க முடியாமல் விட்டுவிட்டார்கள்.

உங்கள் கதைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அந்தக் கடைசிக் கணக்கு மற்றவற்றைவிட எளிது என்பது. பார்க்காத கேள்வி என்றதும் எழுதுகிறவர்கள் மிகக் கடினமான ஒன்றைத் தேடிப் போகிறார்கள். கடினமான கேள்வியில் தோற்பது இயல்பு, வாசகர் அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவார். அவன் தங்கையால் போட முடிகிற கணக்கில் அவன் தோற்றால்தான், அவன் இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது வெளியே வரும். இன்னொரு விவரமும் உண்டு. லூச்சின்ஸ் சிலரிடம் இடையில் நிறுத்தி, "குருடாக இருக்காதே" என்று தாளில் எழுதச் சொன்னார். அது சிலருக்கு உதவியது, எல்லோருக்கும் அல்ல. தங்கள் கையாலேயே அதை எழுதிவிட்டு அடுத்த கணக்கைப் பழைய வழியிலேயே போட்டவர்கள் இருந்தார்கள். நேர நெருக்கடி சேரும்போது பழக்கத்தின் பிடி இன்னும் இறுகுகிறது. ஆகவே "கவனமாகப் படித்துப் பார்" என்று ஆசிரியர் சொல்லியனுப்புகிற காட்சி உங்கள் கதையில் இருந்தால், அது அவனைக் காப்பாற்றியதாக எழுதாதீர்கள்.

ஜாடிச் சோதனை கொஞ்ச நேரப் பழக்கம். ஆண்டுக்கணக்கில் விடைக்குறிப்போடு வாழ்ந்தவனுக்கு அதே விளைவு அதே அளவில் இருக்கும் என்று அந்தச் சோதனையே சொல்லிவிடவில்லை. அது நான் திருத்திய தாள்களை வைத்து நான் செய்கிற ஊகம். ஆனால் திசை ஒன்றுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம். சராசரி வேகக் கணக்கை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். சூத்திரம் சிறியது, வாசகருக்குக் கணக்கு மறந்திருந்தாலும் பின்தொடர முடியும். பழைய கேள்வி இப்படி: ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்புகிறார், சராசரி வேகம் என்ன? விடைக்குறிப்பில் 2xy/(x+y) என்று இருக்கும். 2 × 40 × 60-ஐ 100-ஆல் வகுத்தால் 48. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 50 என்று சொன்னால் தவறு. காரணமும் எளிது. தூரம் 120 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கி.மீ. 5 மணியில், 48. மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி மெதுவான பக்கம் சாய்கிறது.

இப்போது எளிதான புதுக் கேள்வி: ஒருவர் ஒரு மணி நேரம் 40 கி.மீ. வேகத்திலும், அடுத்த ஒரு மணி நேரம் 60 கி.மீ. வேகத்திலும் போகிறார், சராசரி வேகம் என்ன? முதல் மணியில் 40, அடுத்த மணியில் 60, இரண்டு மணியில் 100, ஆக 50. சூத்திரமே வேண்டாம். உங்கள் மாணவன் 48 என்று எழுதுவான். இரண்டு வரியில், நொடியில். "கூட்டிப் பாதியாக்கக் கூடாது" என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்பான், அதனால் 50 என்ற எண் மனதில் எட்டிப் பார்த்தால்கூட விரட்டிவிடுவான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு நான் பார்த்தவரை ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கதையில் எங்காவது காட்சியாக வையுங்கள். 2xy/(x+y) என்ற சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரண்டு தூரமும் சமமாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனை கேள்வியில் இருக்கிறது, "அதே வழியில்" என்ற இரண்டு சொற்களில். விடைக்குறிப்பில் அது இருக்காது. விடைக்குறிப்பு விடையைத்தானே சொல்லும்! கேள்வியில் சொன்னதை ஏன் மறுபடி அச்சடிக்கப் போகிறார்கள்? ஆக, விடைக்குறிப்பை மட்டும் படிப்பவன் ஒவ்வொரு சூத்திரத்தையும் அது எப்போது பொருந்தும் என்ற பாதியை வெட்டிவிட்டுப் படிக்கிறான். அவன் சோம்பேறி அல்ல, நிறைய உழைக்கிறான். அவன் படிக்கிற தாளிலேயே அந்தப் பாதி இல்லை.

48-க்கும் 50-க்கும் இடையே கதை முடிந்துவிட்டால் அவன் தவறு செய்ததே அவனுக்குத் தெரியாது. மதிப்பெண் வரும்போதுதான் தெரியும். அது ஒரு நல்ல, கசப்பான கதை. ஆனால் நீங்கள் தேர்வறைக்குள்ளேயே அவன் ஏதோ ஒன்றைச் சந்திக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். அதற்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒருவர் ஒரு பயணத்தின் பாதித் தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கடந்துவிட்டார். முழுப் பயணத்தின் சராசரி வேகம் 80 கி.மீ. ஆக வேண்டும் என்றால், மீதிப் பாதியை எந்த வேகத்தில் கடக்க வேண்டும்?

இந்தக் காட்சியை நான் எழுதினால் இப்படிப் போகும். மாணவனுக்கு மாறன் என்று பெயர் வைத்துக்கொள்கிறேன்.

மாறன் கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை. பாதித் தூரம், 40, சராசரி, இந்த மூன்றும் கண்ணில் பட்டதும் கை நகர்ந்துவிட்டது. விடைக்குறிப்பில் இதன் திருப்பிப் போட்ட வடிவமும் இருந்தது: சராசரி 48, ஒரு வேகம் 40, மற்றது 60. படிகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. 80 = 2 × 40 × y/(40 + y). குறுக்கே பெருக்கினான். 3200 + 80y = 80y. இரண்டு பக்கமும் 80y. அடித்தான். 3200 = 0 என்று மிஞ்சியது. எங்கோ பெருக்கலில் பிசகு. மேலே போய் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தான். பிசகு இல்லை. புதுத் தாளில் முதலிலிருந்து போட்டான். மறுபடியும் 3200 = 0. குறிப்பில் இப்படி ஒரு வரி எந்தப் பக்கத்திலும் இருந்ததில்லை. எல்லாக் கணக்கும் ஓர் எண்ணில் முடிந்தது. இதுவும் ஓர் எண்ணில்தான் முடிய வேண்டும். பக்கத்தில் சின்னதாகக் கூட்டிப் பாதியாக்கிப் பார்த்தான். 40-ஐயும் எதையும் கூட்டிப் பாதியாக்கினால் 80 வரும்? 120. நல்ல எண். கூட்டிப் பாதியாக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் 120 விடை மாதிரி இருந்தது, 3200 = 0 விடை மாதிரி இல்லை. முதல் இரண்டு தாள்களையும் குறுக்கே கோடிட்டு அடித்துவிட்டு, 120 என்று எழுதிக் கட்டம் போட்டான்.

இந்த இடம்தான் நான் தாள்களில் பார்த்தது. சரியான வரியை எழுதி, அதை அடித்து, கீழே தவறான எண்ணுக்குக் கட்டம் போட்டிருப்பார்கள். 3200 = 0 என்பது பிசகு அல்ல. அப்படி ஒரு வேகமே கிடையாது என்று சமன்பாடு சொல்கிற பதில் அது. மொத்தத் தூரம் 240 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். சராசரி 80 என்றால் முழுப் பயணத்துக்கும் 3 மணி நேரம்தான். முதல் 120 கி.மீ.-ஐ 40 வேகத்தில் கடக்கவே 3 மணி ஆகிவிட்டது. மீதிப் பாதிக்கு நேரமே இல்லை. எவ்வளவு வேகமாகப் போனாலும் 80 வராது.

இதே கட்டமைப்புள்ள ஒரு புதிரை, பழைய கார் ஒன்று மலையேறி இறங்குவதாக, மாக்ஸ் வெர்ட்ஹைமர் என்ற உளவியலாளர் ஐன்ஸ்டைனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். கணக்கிட்டுப் பார்க்கும் வரை, இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது தனக்குத் தெரியவில்லை என்று ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். மேலே சொன்ன லூச்சின்ஸ் இந்த வெர்ட்ஹைமரோடு வேலை செய்தவர்தான். இதை நான் சொல்வதற்குக் காரணம், முதல் பார்வையில் ஏமாறுவது மாறனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் பொது. வேறுபாடு அடுத்த நிமிடத்தில் இருக்கிறது. கணக்கு விசித்திரமாக ஒன்றைச் சொன்னபோது ஒருவர் அதைச் செய்தியாக எடுத்துக்கொண்டார், மற்றவன் தன் கைப்பிழையாக எடுத்துக்கொண்டான். உங்கள் கதையின் மையத்தை "தெரியும், தெரியாது" என்பதில் வைக்காமல் இந்த ஒரு நிமிடத்தில் வைத்தால் நன்றாக வரும்.

மாறன் அதைக் கைப்பிழையாக எடுத்துக்கொள்வது அறிவுக் குறைவால் அல்ல. விடைக்குறிப்பு அவனுக்கு ஓர் எழுதாத விதியைக் கற்றுக்கொடுத்திருக்கிறது: எல்லாக் கேள்விக்கும் விடை உண்டு, அது ஓர் எண், அது பார்க்க அழகாக இருக்கும். இந்த விதி பள்ளிக் கணக்கில் அநேகமாக எப்போதும் சரியாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். அந்த நம்பிக்கை கணக்கை நடப்பிலிருந்து எப்படிப் பிரித்துவிடுகிறது என்பதற்கு ஒரு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவில் நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் கேட்டார்கள்: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1128 வீரர்களை ஏற்றிச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதத்தினர் சரியான வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 என்று சொன்னவர்கள் கால் பங்குக்கும் குறைவு. "31, மீதி 12" என்று எழுதியவர்கள் அதைவிட அதிகம். மீதி 12 என்பது நின்றுகொண்டிருக்கிற பன்னிரண்டு ஆட்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இவர்கள் யாரும் விடைக்குறிப்பை மனப்பாடம் செய்தவர்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை, சாதாரண மாணவர்கள். உங்கள் மாணவனிடம் இருப்பது எல்லோரிடமும் உள்ள ஒரு பழக்கத்தின் முற்றிய வடிவம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவன் தப்பிக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், தயவுசெய்து திடீரென்று பொறி தட்டியதாக எழுதாதீர்கள். அவனிடம் இருப்பதைக் கொண்டே தப்பிக்க விடலாம். அவனிடம் என்ன இருக்கிறது? வேகமான, பிழையில்லாத கணக்குக் கை. நல்ல விடைக்குறிப்புகளில் கடைசியில் "சரிபார்த்தல்" என்று ஒரு பகுதி இருக்கும், அதையும் அவன் மனப்பாடம் செய்திருப்பான். நேரம் மிச்சம் இருக்கிறது, பழக்கத்தால் 120-ஐச் சரிபார்க்கிறான். தூரத்தை 240 என்று எடுக்கிறான். முதல் பாதி 3 மணி, 120 வேகத்தில் இரண்டாம் பாதி 1 மணி, மொத்தம் 4 மணி, சராசரி 60. 80 வரவில்லை. வேகத்தை இரட்டிப்பாக்கி 240 என்று போடுகிறான். 3 மணியும் அரை மணியும், சராசரி 68 புள்ளி சொச்சம். 1200 என்று போடுகிறான், அப்படி ஒரு வண்டி இருக்காது என்று தெரிந்தே. 3 மணியும் 6 நிமிடமும், 77 புள்ளி சொச்சம். ஒவ்வொரு முறையும் இரண்டாவது எண் சிறுத்துக்கொண்டே போகிறது, முதலில் உள்ள 3 மணி மட்டும் அசையவில்லை. 240-ஐ 80-ஆல் வகுத்தால் வருவதும் அதே 3 என்பது அப்போது கண்ணில் படுகிறது. இந்த வழியில் வந்தால் வாசகரும் அவனோடு சேர்ந்தே கண்டுபிடிப்பார்.

அப்புறம் ஒரு சின்னத் தடை பாக்கி இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுவார்கள். அவனுக்கு விடை தெரிந்துவிட்டது, ஆனால் அதை எப்படி எழுதுவது என்று தெரியாது. "அப்படி ஒரு வேகம் இல்லை" என்று எழுதுகிற வடிவம் அவனிடம் இல்லை. கட்டத்துக்குள் என்ன போடுவது? கேள்வி தவறு என்று எழுதினால் திமிராகத் தெரியுமோ? சரியான விடையைக் கண்ட பிறகும் மாணவர்கள் தயங்கி நிற்பது இங்கேதான். கை நடுங்குகிற காட்சி உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தால் அதை இங்கே கொண்டுவந்து வையுங்கள், நம்பும்படி இருக்கும்.

தேர்வறையில் இப்படிச் சுயமாக மீள்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அதைத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. தாளில் தெரிவது எழுதியதும் அடித்ததும் மட்டும்தான், அந்த நேரத்தில் அவன் மனதில் ஓடியது தெரியாது. ஒரே தவறான விடையைப் பயத்தால் எழுதியவனும் பழக்கத்தால் எழுதியவனும் தாளில் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். அவன் உள்ளே என்ன உணர்ந்தான் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகாரம்.

ஆனால் ஒன்றில் உங்களோடு வாதாடவே செய்வேன். மனப்பாடத்தையே குற்றவாளியாக்கி, கடைசியில் ஆசிரியர் "புரிந்து படி" என்று அறிவுரை சொல்வதாக முடிக்காதீர்கள். தொடக்க நிலையில் உள்ளவர்கள் தாங்களாகவே முட்டி மோதுவதைவிட, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பது நல்ல பலன் தருகிறது என்று ஜான் ஸ்வெல்லர் போன்றவர்கள் 1980-களிலிருந்தே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நன்றாகக் கணக்குப் போடுகிறவர்களும் நிறைய மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் சூத்திரத்தோடு அதன் நிபந்தனையையும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மாறன் அத்தனை நாள் படித்ததில் தேவையில்லாதது என்று எதுவும் இல்லை. "இரண்டு தூரமும் சமம்" என்ற மூன்று சொற்களையும் சேர்த்து அதே மனப்பாடத்தைச் செய்திருந்தால் 48 என்று எழுதியிருக்க மாட்டான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு தோழியை வைத்து, அவளும் மனப்பாடமே செய்கிறாள், ஆனால் விடைக்குறிப்பின் ஓரத்தில் கேள்வியையும் எழுதிவைத்துப் படிக்கிறாள் என்று காட்டினால், நீங்கள் விளக்கமே சொல்ல வேண்டியதில்லை.

எண்களை மாற்ற நினைத்தால் கவனமாக மாற்றுங்கள், ஏனென்றால் எண்ணைப் பொறுத்துக் கதை மாறும். கேட்கிற சராசரி முதல் வேகத்தின் சரியாக இரு மடங்காக இருந்தால்தான் y அடிபட்டு, சூத்திரம் 3200 = 0 என்று நிற்கும். 40-க்கு 79 என்று வைத்தால் 3160 என்று ஒரு விடை வந்துவிடும். அது நடவாத வேகம்தான், ஆனாலும் மாணவன் அதைக் கட்டம் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். இரு மடங்கைத் தாண்டி 100 என்று வைத்தால் −200 வரும். மனப்பாடம் செய்தவன் அந்தக் கழித்தல் குறியைத் தன் பிழை என்று நினைத்து அழித்துவிட்டு 200 என்று எழுதுவான். அதையும் தாள்களில் பார்த்திருக்கிறேன். அவன் தனக்குத் தெரியாமலேயே தோற்பதாகக் கதை என்றால் 100 வையுங்கள். தேர்வறையிலேயே அவனை நிறுத்த வேண்டும் என்றால் 80-தான்.